படம் திறக்கவில்லை

கடைக்கு ஒரு பெயர்ப்பலகை உண்டு. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படித்துப் பார்த்ததில்லை. "ஃபாரம் அக்கா கடை" என்று சொன்னால் போதும், பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்கள் கைகாட்டிவிடுவார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி இடம். இரண்டு கணினி, ஒரு ஜெராக்ஸ் மெஷின், அந்த மெஷினை ஓட்டும் அவளுடைய வீட்டுக்காரர். மெஷினும் சரி, மனுஷனும் சரி, சூடேறினால்தான் வேலை நடக்கும் என்று ஃபாரம் அக்கா கேலி செய்வாள். அவர் காதில் விழாத மாதிரி தாளை அடுக்கிக்கொண்டிருப்பார்.

அவளுக்கு ஒரே ஒரு பெருமை, வேகம். பிறப்புச் சான்று, வேலைக்கு மனு, வாக்காளர் பட்டியல், தேர்வு விண்ணப்பம் என்று எது வந்தாலும் ஏழெட்டு நிமிஷத்தில் முடித்துக் கையில் தாளைக் கொடுத்துவிடுவாள். எதிரே பெஞ்சில் எப்போதும் ஐந்தாறு பேர் காத்திருப்பார்கள். காத்திருப்பவர்கள் முகத்தைப் பார்த்தால் அவளுக்குக் கை தானாகவே வேகமெடுக்கும். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். ஆனால் கடை வைத்திருப்பவர்கள் பழமொழியைப் பார்த்தா வேலை செய்கிறார்கள்?

அந்த வேகத்துக்கு உலை வைப்பதற்கென்றே சில ஆண்டுகளாக ஒரு சங்கடம் முளைத்திருந்தது. இணையதளத்திலிருந்து படத்தைச் சேமித்தால் அது 'வெப்பி' (webp) என்ற புதுக் கோப்பு வகையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. தளம் நடத்துபவர்களுக்குப் படம் இலேசாக இருக்க வேண்டும், பக்கம் சட்டென்று திறக்க வேண்டும். வெப்பியில் அதே படம் பாதி எடையில் அடங்கிவிடும். நாம் பக்கத்தைத் திறக்கும்போதே நம் பிரவுசர் தனக்கு வெப்பியும் தெரியும் என்று தளத்திடம் சொல்லிவிடுகிறது. தளமும் சரியென்று அந்த இலேசான பிரதியையே எடுத்து நீட்டுகிறது. முகவரியில் ஜேபிஜி என்று எழுதியிருந்தாலும் கையில் வந்து சேர்வது வெப்பிதான். பார்ப்பதற்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. கொண்டுபோய் ஒரு பழைய அரசாங்க ஃபாரத்தில் ஏற்றும்போதுதான் வண்டவாளம் வெளியே வரும். அந்த ஃபாரத்தை எழுதியவர் என்றைக்கோ ஓய்வுபெற்றுப் போயிருப்பார். அது அறிந்ததெல்லாம் ஜேபிஜி, பிஎன்ஜி இரண்டுதான். மூன்றாவதாக ஒன்று வந்தால் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தும்.

இதற்கு ஃபாரம் அக்கா ஒரு குறுக்குவழி வைத்திருந்தாள். கோப்பின் பெயரில் கடைசியாக இருக்கும் வெப்பியை அழித்துவிட்டு ஜேபிஜி என்று தட்டிவிடுவாள். உள்ளே இருக்கும் சரக்கு மாறாது, மேலே ஒட்டிய சீட்டு மட்டும் மாறும். பழைய ஃபாரங்களில் பாதி அந்தச் சீட்டை மட்டும் பார்த்துவிட்டு உள்ளே விட்டுவிடும். உள்ளே எட்டிப் பார்த்துத் திருப்பி அனுப்புகிற ஃபாரமாக இருந்தால்தான் அவள் படத்தைப் பெயிண்ட் என்ற படம் வரையும் நிரலில் திறந்து, உண்மையாகவே ஜேபிஜியாக மாற்றிச் சேமிப்பாள். முறை தெரியாதவள் இல்லை. ஃபாரம் உதைத்தால் மட்டும் முறைப்படி செய்வாள். உதைக்கவில்லையென்றால் வேலை முடிந்தது என்று அடுத்த ஆளைக் கூப்பிடுவாள். பெயரை மாற்றி ஏற்றிய படம் போன இடத்தில் திறந்ததா இல்லையா என்று யாரும் வந்து சொன்னதில்லை. திரும்பி வராததெல்லாம் நன்றாகவே முடிந்தது என்று அவள் வைத்துக்கொண்டாள்.

செக்கரம்மா கடைக்கு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை. ஆயத்த ஆடை ஆலையில் தைத்து வரும் சட்டைகளைப் பார்த்துத் தேறியது, தேறாதது என்று பிரிப்பது அவள் வேலை. ஆலையில் அதற்குச் 'செக்கிங்' என்று பெயர், அதனால்தான் அவள் செக்கரம்மா. நாற்பதைத் தொடாத வயது. அழுது முடித்த கண்.

"அக்கா, என் தம்பியக் காணோம்."

ஃபாரம் அக்கா எழுந்து தன் நாற்காலியையே இழுத்துப் போட்டாள்.

"உக்காரும்மா மொதல்ல. எப்பலேருந்து?"

"திங்கக்கிழமை வெளியூருக்கு லிப்ட் ரிப்பேர் பாக்கப் போனான். வேலய முடிச்சிட்டு செவ்வாக்கெழம சாயங்காலம் பஸ் ஏறப்போறேன்னு போன் பண்ணான். அதோட சரி. போன் ஆப். போலீஸ்ல எழுதிக்கிட்டாங்க. ஒரு நம்பர் குடுத்து, நெட்ல போட்டோ ஏத்தணும்னாங்க. ஏத்தினாத்தான் எல்லா ஊரு ஆஸ்பத்திரிக்கும் போகுமாம்."

தாய் தகப்பன் இல்லாத வீடு. இந்த அக்காதான் அவனைத் தூக்கி வளர்த்தவள். அவளுக்கென்று ஒரு குடும்பம் அமையாமல் போனதற்கும் அவன்தான் காரணம் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அவளிடம் யாரும் அதைச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

"போட்டோ இருக்கா?"

அதுதான் இல்லை. அவனுக்குக் கேமரா என்றால் ஆகாது. யாராவது போனைத் தூக்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். வீட்டில் இருந்ததெல்லாம் பள்ளிக்கூடக் காலத்துப் படம். ஆனால் அவன் வேலை பார்க்கும் லிப்ட் கம்பெனி தன் இணையதளத்தில் பணியாளர்கள் பக்கம் ஒன்று வைத்திருந்தது. அதற்காக முதலாளியே கட்டாயப்படுத்தி நிற்க வைத்து எடுத்த படம் அதில் இருந்தது. ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் நிற்கிறான். இடது புருவத்தில் சின்னதாய் ஒரு வெட்டுத் தழும்பு தெளிவாகத் தெரிகிறது. ஆளை அடையாளம் கண்டுபிடிக்க இதைவிட நல்ல படம் கிடைக்காது.

ஃபாரம் அக்கா படத்தைச் சேமித்தாள். காணாமற்போனோர் ஃபாரத்தைத் திறந்து விவரங்களை நிரப்பினாள். மின்னஞ்சல் என்று கேட்ட கட்டத்தில் வழக்கம்போலக் கடையின் மின்னஞ்சலைப் போட்டாள். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மின்னஞ்சல் கிடையாது, அந்தக் கட்டத்தை நிரப்பாமல் ஃபாரமும் நகராது. பிறகு படத்தை ஏற்றினாள். 'ஏற்கத்தக்க கோப்பு அல்ல' என்று சிவப்பில் வந்தது.

"என்னாச்சுக்கா?" செக்கரம்மா திரைப்பக்கம் குனிந்தாள்.

"ஒண்ணுமில்லம்மா. வெப்பியா வந்திருக்கு. இந்தா, ஒரு நிமிஷம்."

பெயரின் வாலை மாற்றினாள். மறுபடி ஏற்றினாள். பச்சையில் டிக் விழுந்தது. திரையில் தம்பி சிரித்தான். ஒப்புகைச் சீட்டை அச்சடித்தபோது அதிலும் மூலையில் அவன் முகம் வந்தது. வராமல் என்ன செய்யும்? இந்தக் காலத்துப் பிரவுசர் பெயரை நம்புவதில்லை. கோப்புக்குள் என்ன இருக்கிறதென்று பார்த்துத் தானே காட்டிவிடும். ஃபாரம் அக்காவின் கணினியில் எல்லாம் சரியாகத் தெரிந்தது. மற்ற கணினிகளிலும் தெரியுமா என்று அவள் யோசிக்கவில்லை. பெஞ்சில் ஏழு பேர் இருந்தார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் செக்கரம்மா வருவாள். ஆலைக்கு அன்றுதான் விடுமுறை. ஃபாரம் அக்கா எண்ணைத் தட்டுவாள். 'தேடல் நிலுவையில்' என்று வரும். "நிலுவைன்னா நல்லதுதான்மா, கெட்ட சேதி எதுவும் வரல இல்ல?" என்பாள். செக்கரம்மா தலையாட்டிவிட்டுப் போவாள். போகும்போது அந்தத் தலையாட்டலில் கொஞ்சம் நம்பிக்கையும் இருக்கும். வாரத்துக்கு வாரம் அது கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆனதுபோல் ஆனது. மூன்றாவது வாரம் இருந்த நம்பிக்கை ஆறாவது வாரம் இல்லை.

இரண்டரை மாதம் கழித்து, அடையாளம் தெரியாத உடல்களின் பட்டியல் ஒன்று வெளியானது. அது காலாண்டுக்கு ஒருமுறை வரும், எல்லா அரசு மருத்துவமனைகளுக்கும் சேர்த்து ஒரே பட்டியல். இரண்டு பெண்களும் பக்கம் பக்கமாகப் பார்த்தார்கள். பார்க்கக் கூடாத முகங்கள். ஃபாரம் அக்கா சில பக்கங்களில் கண்ணை மூடிக்கொண்டாள். செக்கரம்மா ஒரு பக்கத்தையும் விடவில்லை. முப்பத்தோராம் பக்கத்தில் அவள் கை, ஃபாரம் அக்காவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது.

முகம் வீங்கியிருந்தது. ஆனால் இடது புருவத்தில் தழும்பு இருந்தது. பேருந்து நிலையத்துக்கு வெளியே வாகனம் மோதி இறந்ததாகக் குறிப்பு. பையும் போனும் உடன் இல்லை. இருபத்திரண்டு நாள் பிணவறையில் வைக்கப்பட்டது. உரிமை கோருவோர் இல்லாததால் அடக்கம் செய்யப்பட்டது. கீழே, புதைத்த இடத்தின் எண்.

செக்கரம்மா கத்தவில்லை. "இருபத்திரண்டு நாளா?" என்று மட்டும் கேட்டாள். "நாமதான் போட்டோ போட்டமேக்கா. மூணாம் நாளே போட்டமே."

மறுநாள் இருவரும் அந்த மருத்துவமனைக்குப் போனார்கள். செக்கரம்மாதான் வரச் சொன்னாள். "காகிதம் கீகிதம் கேப்பாங்க, எனக்கு ஒண்ணும் புரியாது, நீங்க கூட வாங்கக்கா" என்று கெஞ்சினாள். வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஐந்து மணி நேரப் பயணம். வழி நெடுக அவள் ஒப்புகைச் சீட்டை மடியில் வைத்துக்கொண்டு தம்பியின் முகத்தைத் தடவிக்கொண்டே வந்தாள்.

பிணவறைக்குப் பக்கத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. பதிவு எழுத்தர் ஒல்லியான மனிதர், மூக்குக் கண்ணாடியின் ஒரு காலைத் துணி நாடாவால் ஒட்டியிருந்தார். மேசையில் பருத்த உடம்போடு ஒரு பழைய கணினி. அவர் பதற்றமில்லாமல் கேட்டுவிட்டு, போலீஸ் கொடுத்திருந்த எண்ணைத் தட்டினார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"உங்க பதிவுல படமே இல்லையேம்மா."

"படம் இல்லையா? இந்தாங்க, பாருங்க! இது என்ன?" செக்கரம்மா சீட்டை மேசையில் அறைந்தாள்.

எழுத்தர் சீட்டைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். பெயர், வயது, உயரம், எல்லாம் இருந்தது. படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைக் கட்டம், அதன் நடுவே சின்ன சிவப்புப் பெருக்கல் குறி. அவர் கோப்பைத் தனியாகத் திறக்கப் பார்த்தார். 'இந்தப் படத்தைத் திறக்க இயலவில்லை, கோப்பு பழுதாகியிருக்கலாம்' என்று வந்தது. கோப்பின் பெயர் ஜேபிஜி என்றுதான் முடிந்தது.

கோப்பு பழுதாகவில்லை என்று ஃபாரம் அக்காவுக்குத் தெரியும். அது நல்ல கோப்பு. வெப்பி. இந்த ஜன்னல் இல்லாத அறையில், வெப்பி என்று ஒன்று பிறப்பதற்கு முன்பே எழுதி வைத்த நிரலில், பெயரை நம்பி ஜேபிஜி என்று திறந்தால் எப்படித் திறக்கும்?

"இந்த மாதிரி மாசத்துக்கு நாலஞ்சு வருதும்மா," என்றார் எழுத்தர். "சும்மா விட மாட்டேன். படம் திறக்கல, மறுபடி ஏத்துங்கன்னு உடனே மெயில் போட்டுடுவேன். இதுக்கும் போட்டிருக்கேன். பாருங்க, தேதி இருக்கு. ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை. நம்ம கையில இருந்த அஞ்சாறு ஆம்பளைங்களோட ஒத்துப் பாக்கணுமே, முகம் இல்லாம எப்படிப் பாக்கறது?"

"மெயிலா?" செக்கரம்மா எழுந்து நின்றாள். "எனக்கு மெயிலே கிடையாதுய்யா! யாருக்குப் போட்டீங்க? வாய் கூசாம பொய் சொல்றீங்களே. என் தம்பி இங்க கெடந்திருக்கான், இருபத்திரண்டு நாளு! நீங்க படத்தத் தொலச்சிட்டு மெயில் போட்டேன் கியில் போட்டேன்னு..."

எழுத்தரின் முகம் சுருங்கிப்போனது. மெயில் எந்த முகவரிக்குப் போனது என்று திரையில் எழுதியிருந்தது. அவர் அதைக் காட்ட விரலை நீட்டினார். ஆனால் செக்கரம்மா அதற்குள் திரும்பிச் சுவரில் முட்டி அழத் தொடங்கியிருந்தாள். திரையில் இருந்த முகவரியைப் படித்தது ஃபாரம் அக்கா மட்டும்தான். அவள் கடையின் முகவரி.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. வந்ததை விழுங்கிவிட்டு, "வாம்மா, போலாம்" என்று செக்கரம்மாவின் தோளைப் பிடித்தாள். எழுத்தர் அவளை ஒரு கணம் பார்த்தார். அவருக்குப் புரிந்ததா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. அடக்கம் செய்த இடத்தை ஒரு தாளில் வரைந்து, எண்ணை எழுதி, இரண்டு கையாலும் நீட்டினார்.

அந்த இடத்தில் கல் இல்லை. தரையில் அடித்த ஒரு தகரத் துண்டில் எண் மட்டும் இருந்தது. பக்கத்திலும் எதிரிலும் அதே மாதிரித் தகரங்கள். செக்கரம்மா மண்ணில் உட்கார்ந்து, "வந்துட்டேன்டா, கொஞ்சம் நேரமாயிடிச்சு" என்றாள். ஃபாரம் அக்கா தள்ளி நின்றாள்.

கடைக்குத் திரும்பியதும் அவள் முதலில் திறந்தது கடையின் அஞ்சல் பெட்டியைத்தான். படிக்காத கடிதங்கள் ஒன்பதாயிரத்துச் சொச்சம். ஊரில் உள்ளவர்களுக்கு வர வேண்டிய தகவல் எல்லாம் அதில்தான் வந்து குவியும். யார் படிப்பது? எண்ணைத் தட்டித் தேடினாள். இரண்டு கடிதமும் இருந்தன. முதலாவது படம் ஏற்றிய நான்காம் நாள். இரண்டாவது அதற்கு ஒரு வாரம் கழித்து. 'இணைத்த படம் திறக்கவில்லை. தயவுசெய்து ஜேபிஜி வகையில் மறுபடி ஏற்றவும். அவசரம்.' அவசரம் என்ற சொல்லை எழுத்தர் தன் கையால் சேர்த்திருக்க வேண்டும். மற்றதெல்லாம் அச்சு வாசகம்.

வீட்டுக்காரர் பின்னால் நின்று படித்தார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நீ வேணும்னு பண்ணலயே."

"வேணும்னு பண்ணாத்தான் தப்பா?"

"இப்ப சொல்லி என்ன ஆகப்போவுது? போனவன் வரப்போறானா? தெரிஞ்சா நாளைக்கு எவன் நம்ம கடைக்கு வருவான்? வாய மூடிக்கிட்டு இரு."

அவர் சொன்னதில் தப்பில்லை என்றுதான் அவளுக்கும் பட்டது. அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை. இனி என்ன செய்தாலும் அந்த இருபத்திரண்டு நாள் திரும்பாது. நினைத்துப் பார்த்தால் மற்றவர்கள் எல்லோரும் தத்தம் வேலையைச் செய்திருக்கிறார்கள். போலீஸ் எழுதிக்கொண்டது, எழுத்தர் இரண்டு முறை கேட்டார், கம்பெனி படத்தை இலேசாக்கி வைத்தது. அவள் ஒருத்திதான் அரை நிமிஷத்தை மிச்சம் பிடித்தாள். மறுநாள் முழுவதும் ஒரு ஃபாரத்திலும் அவள் கை வேகமாக ஓடவில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் அவளுக்கு உடம்பு சரியில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

இரண்டு நாள் கழித்துச் செக்கரம்மா வந்தாள். ஆலைக்கு விடுப்பு போட்டிருந்தாள். தலை வாரியிருந்தாள். முகத்தில் அழுகை இல்லை, பிடிவாதம் இருந்தது.

"அக்கா, அந்த ஆஸ்பத்திரி ஆளு மேல புகார் குடுக்கணும். நெட்டுலயே குடுக்கலாமாமே. வேலயே போவணும் அவனுக்கு. பொய் சொன்னான் பாருங்க, மெயில் போட்டேன்னு. அத மறக்கவே முடியல."

ஃபாரம் அக்கா வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் ஜெராக்ஸ் மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

புகார்ப் பக்கம் திறந்தது. அதுவும் அதே காலத்து ஃபாரம், அதே சிவப்பு, அதே பச்சை. 'புகார் யார் மீது' என்ற கட்டத்தில் எழுத்தரின் பெயரும் பதவியும் ஏறின. செக்கரம்மா சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். படத்தைத் தொலைத்தார், பொய் சொன்னார், என் தம்பியை அநாதையாகப் புதைத்தார். ஒவ்வொரு வரியும் அவள் விரல் வழியாகத்தான் போனது. மூக்குக் கண்ணாடியின் நாடாக் கட்டு அவள் கண் முன்னால் வந்து வந்து நின்றது. அந்த மனிதருக்கும் வீட்டில் யாராவது இருப்பார்கள்.

கடைசியில் பாதிக்கப்பட்டவரின் படம் கேட்டது.

அவள் கம்பெனியின் பக்கத்துக்குப் போனாள். தம்பி இன்னும் அங்கே ஹெல்மெட்டோடு சிரித்துக்கொண்டிருந்தான். யாரும் அந்தப் படத்தை நீக்கவில்லை. படத்தைச் சேமித்தாள். வெப்பி. பெயரின் மீது விரல் போனது. பழக்கம். விரலை எடுத்துக்கொண்டாள். பெயிண்டைத் திறந்தாள். படத்தை அதில் திறந்து, வகையில் ஜேபிஜியைத் தேர்ந்து, வேறு பெயரில் சேமித்தாள். அதை ஏற்றினாள். பச்சை.

"இருங்க," என்றாள் செக்கரம்மா.

நாள் பூராவும் ஆயிரம் சட்டையில் விட்டுப்போன ஒரு தையலைக் கண்டுபிடிக்கிறவள் அவள்.

"அன்னிக்கு இது பண்ணலயே நீங்க. அன்னிக்குப் பேர மட்டுந்தான் மாத்தினீங்க. நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். இன்னிக்கு எதுக்கு இன்னொண்ணத் தொறந்தீங்க?"

ஃபாரம் அக்கா திரையையே பார்த்தாள். ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். 'இந்த ஃபாரம் வேற மாதிரிம்மா' என்றால் முடிந்தது, நம்பிவிடுவாள். பத்து வருஷமாக எல்லோரும் அவள் சொல்வதை நம்பித்தான் போயிருக்கிறார்கள்.

"அன்னிக்கும் இப்படித்தான் பண்ணியிருக்கணும்," என்றாள்.

"புரியல."

"பேர மாத்தினா படம் மாறாதும்மா. உள்ள வெப்பியாவேதான் இருந்துச்சு. நம்ம கம்ப்யூட்டர் புதுசு, காட்டிடுச்சு. அவரோடது பழசு. அதுக்கு வெப்பி தெரியாது. அதனாலதான் வெள்ளையா இருந்துச்சு. அவரு தொலைக்கல." நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று தெரிந்தது. "மெயிலும் போட்டிருக்காரு. உனக்கு மெயில் இல்லைன்னு நம்ம கடை மெயிலக் குடுத்திருந்தேன். ரெண்டு தடவை வந்திருக்கு. நான் பாக்கல. ரெண்டு தடவை வந்தப்பவும்... அவன் அங்கதான் இருந்தான்."

ஜெராக்ஸ் மெஷின் நின்றுவிட்டது. பெஞ்சில் இருந்த இரண்டு பேர் தரையைப் பார்த்தார்கள்.

செக்கரம்மா சாதாரணமாக, ஏதோ விலை கேட்கிற மாதிரி கேட்டாள்.

"இப்ப பண்ணீங்களே, இதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?"

"அரை நிமிஷம்."

"அரை நிமிஷந்தானா?"

"ஆமா."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். மண்ணை வாரித் தூற்றுவாள், கன்னத்தில் ஓர் அறை விடுவாள் என்று எதிர்பார்த்தாள். அப்படிச் செய்திருந்தால் எவ்வளவோ தேவலை. செக்கரம்மா எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். புகார் யார் மீது என்ற கட்டத்தின் மேல் விரலை வைத்தாள்.

"அவரு பேர எடுத்துடுங்க. பாவம் அவரு."

எடுத்தாள். கட்டம் காலியானது. செக்கரம்மா விரலை எடுக்கவில்லை. கட்டம் காலியாக இருந்தால் ஃபாரம் போகாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஃபாரம் அக்கா தன் பெயரை அதில் அடித்தாள். தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு, எழுத்துப் பிழை இல்லாமல். கடையின் முகவரியைப் போட்டாள். படத்தைத் தொலைத்தார் என்ற வரியை அழித்துவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதினாள். வீட்டுக்காரர் "ஏய்" என்றார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அனுப்பு என்று அழுத்தினாள்.

ஒப்புகைச் சீட்டு அச்சாகி வந்தது. செக்கரம்மா அதை வாங்கி, மூலையில் இருந்த முகத்தைப் பார்த்தாள்.

"இது அங்க தெரியுமா?"

"தெரியும். எந்தக் கம்ப்யூட்டர்லயும் தெரியும்."

அவள் சீட்டை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள். படியிறங்கியவள் ஒரு கணம் நின்றாள். திரும்பாமலேயே சொன்னாள்.

"போட்டோ ஏத்தின அன்னிக்கு உங்களக் கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போனேன்க்கா."

பேருந்து நிறுத்தத்தில் போய் நின்றாள். பெஞ்சில் இருந்தவர் தன் முறை வந்துவிட்டது என்று எழுந்து வந்து, கையில் இருந்த காகிதங்களை மேசையில் வைத்தார். ஃபாரம் அக்கா அவற்றைத் தொடவில்லை.